பெற்றோரின் திருமணப் பொன்விழா: தேதி பார்ப்பது முதல் ஆல்பத்தை மூடுவது வரை

எங்கள் அப்பா அம்மாவின் கல்யாணம் 1974 ஆகஸ்ட் 29-ம் தேதி மன்னார்குடியில் நடந்தது. 2024-ல் ஐம்பது வருடம் நிறைகிறது என்று நாங்கள் மூன்று பிள்ளைகளும் பேச ஆரம்பித்ததுமே சொந்தக்காரர்களிடமிருந்து வந்த முதல் கேள்வி, "ஹோமம் உண்டா? திரும்பத் தாலி கட்டணுமா? திருக்கடையூரா?" என்பதுதான். எங்களுக்கே பதில் தெரியவில்லை. விசாரித்து, தவறு செய்து, திருத்திக்கொண்டு நடத்திய அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். பொன்விழாவைப் பற்றித்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். வெள்ளி விழா நடத்துபவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும், மாறும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

நம் ஊரில் தம்பதிக்கு நடக்கும் விசேஷங்கள் இரண்டு வகை. ஒன்று வயதுக் கணக்கு, மற்றொன்று திருமணக் கணக்கு.

அறுபதாம் கல்யாணம் எனப்படும் சஷ்டியப்தபூர்த்தி வயதுக் கணக்கு. பிரபவ முதல் அட்சய வரை அறுபது தமிழ் வருடங்களும் ஒரு சுற்று சுற்றி, ஒருவர் பிறந்த வருடத்தின் பெயர் திரும்ப வருவதைக் கொண்டாடுகிறோம். அப்பா 1948-ல், சர்வதாரி வருடத்தில் பிறந்தவர். 2008-ல் மறுபடி சர்வதாரி வந்தது, அப்போது அறுபதாம் கல்யாணம் செய்தோம். திருமணமாகி அப்போது 34 வருடம்தான். எழுபதை ஒட்டிச் செய்யும் பீமரத சாந்தியும், ஆயிரம் பிறை கண்டவர்களுக்குச் செய்யும் சதாபிஷேகமும் இதே வகை. ஆயிரம் பௌர்ணமிக்கு எண்பது வருடமும் சில மாதங்களும் ஆகும், அதனால்தான் அது எண்பதைத் தாண்டி வருகிறது. இவற்றுக்கெல்லாம் கலசம், ஹோமம், அபிஷேகம் என்று வகுத்த முறை இருக்கிறது. திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் நாள்தோறும் பார்க்கும் மாலையும் கழுத்துமான பெரியவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வந்தவர்கள்தான்.

வெள்ளி விழாவும் பொன்விழாவும் திருமணக் கணக்கு. 25 வருடத்துக்கு வெள்ளி, 50 வருடத்துக்குப் பொன் என்பது ஜெர்மானிய நாடுகளிலிருந்து பரவிய வழக்கம். இருபத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு வெள்ளி மாலை, ஐம்பதுக்குப் பொன் மாலை என்று சூட்டியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரச குடும்பங்கள் இதைப் பெரிதாகக் கொண்டாடின. ஜெர்மானியப் பேரரசர் முதலாம் வில்லியமும் அவர் மனைவி அகஸ்டாவும் 1879-ல் பொன்விழா கண்டார்கள். நம் காலத்தில் எலிசபெத் அரசியும் பிலிப்பும் 1947-ல் மணந்து, 1972-ல் வெள்ளி, 1997-ல் பொன், 2007-ல் வைரம், 2017-ல் பிளாட்டினம் என்று எல்லாப் படிகளையும் தாண்டினார்கள். தமிழ்நாட்டில் இந்தச் சொற்களைப் பலருக்குப் பழக்கியது சினிமா. 25 வாரம், அதாவது 175 நாள், ஓடிய படத்துக்கு வெள்ளி விழா கொண்டாடுவார்களே, அப்படி.

இதனால் என்ன பயன் என்றால், பொன்விழாவுக்கு இந்து வீடுகளில் கட்டாயமான சடங்கு என்று ஒன்று கிடையாது. இதை எங்கள் குடும்ப வாத்தியாரே சொன்னார். "அறுபதுக்குப் பண்ணியாச்சு, எழுபதுக்கும் பண்ணியாச்சு. இது பசங்க ஆசைக்குப் பண்றது. கோயில்ல ஒரு அர்ச்சனை போதும்" என்றார். சடங்கு கட்டாயமில்லை என்று தெரிந்ததும் பாதி பதற்றம் போய்விட்டது. கிறிஸ்தவக் குடும்பங்களில் நிலைமை வேறு. கத்தோலிக்க வழிபாட்டில் 25, 50 ஆண்டு நிறைவுக்கென்றே நன்றித் திருப்பலி மன்றாட்டுகளும் ஆசியும் இருக்கின்றன. தம்பதி பீடத்தின் முன் நின்று வாக்குறுதியைப் புதுப்பிப்பார்கள். அவர்களுக்கு விழாவின் மையம் கோயிலிலேயே அமைந்துவிடுகிறது, பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே நாள் கேட்டுக்கொண்டால் போதும். மற்றவர்கள் அந்த மையத்தைத் தாங்களே உண்டாக்க வேண்டும். பின்னால் சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

இன்னொன்று, எண்ணுவதில் தவறு வரும். 1974-ல் கல்யாணம் என்றால் 2024-ல்தான் ஐம்பது நிறைகிறது. 2023 ஆகஸ்டில் ஐம்பதாவது வருடம் பிறக்கிறது. பள்ளிக்கூடங்களும் சங்கங்களும் ஐம்பதாவது ஆண்டு பிறந்ததுமே "பொன்விழா ஆண்டு" என்று பலகை வைத்துவிடும். கல்யாணத்துக்கு நிறைவைத்தான் கொண்டாடுவது வழக்கம்.

தேதி: மூன்று விதமாகப் பார்க்கலாம்

பழைய கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுங்கள். நினைவில் இருக்கும் தேதியை நம்ப வேண்டாம். எங்கள் சித்தப்பா ஒருவர் இருபது வருடமாகத் தன் கல்யாண நாளை ஒருநாள் தள்ளியே கொண்டாடி வந்தார், மறுநாள் மாலையில் நடந்த வரவேற்பின் தேதிதான் அவர் மனதில் நின்றிருந்தது. அப்பாவின் பத்திரிகை, மஞ்சள் தடவிய மூலைகள் பழுப்பேறி, அம்மாவின் பட்டுப்புடவை மடிப்பில் இருந்தது. "நிகழும் மங்களகரமான ஆனந்த வருஷம் ஆவணி மாதம்" என்று தொடங்கியது. ஆங்கிலத் தேதி கீழே பொடி எழுத்தில்.

இப்போது மூன்று வழிகள் உண்டு. ஆங்கிலத் தேதியிலேயே வைக்கலாம். அதே தமிழ் மாதத்தில் கல்யாணத்தன்று இருந்த நட்சத்திரமோ திதியோ வரும் நாளில் வைக்கலாம். இரண்டையும் விட்டு, எல்லோரும் வரக்கூடிய ஒரு விடுமுறை நாளில் வைக்கலாம்.

நாங்கள் ஆங்கிலத் தேதியைத்தான் முதலில் பிடித்துக்கொண்டோம். 1974-ல் அது வளர்பிறை வியாழக்கிழமை. 2024-லும் ஆகஸ்ட் 29 வியாழக்கிழமையாகவே வந்தது, என்ன பொருத்தம் என்று மகிழ்ந்தோம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கப் போகும் நேரத்தில் அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு ஏகாதசிடா, நானே சாப்பிட மாட்டேன்" என்றார். தேய்பிறை ஏகாதசி. எங்கள் குடும்பத்தில் பாதிப் பெரியவர்கள் அன்று விரதம். இலை போட்டு விருந்து வைக்கும் நாளில் விழா நாயகியே சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

அதனால் விழாவை இரண்டாகப் பிரித்தோம். உங்களுக்கும் நான் சொல்வது இதையே. கல்யாண நாளன்று வீட்டு ஆட்கள் மட்டும் கோயிலுக்குப் போய் வாருங்கள். ஏகாதசியன்று ராஜகோபாலசுவாமியைச் சேவித்தது அம்மாவுக்கு எந்த மண்டபத்தையும்விடப் பெரிதாக இருந்தது. ஊரைக் கூட்டும் நிகழ்ச்சியைத் தோதான ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். அடுத்த ஞாயிறு செப்டம்பர் 1, அமாவாசைக்கு முந்தைய நாள், பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அதற்கடுத்த வாரம் சனிக்கிழமை விநாயகர் சதுர்த்தி விடுமுறை, ஞாயிறு செப்டம்பர் 8 வளர்பிறை, ஆவணி மாதமும் முடியவில்லை. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வருபவர்களுக்கு இரண்டு நாள் முழுதாகக் கிடைத்தது. அதையே முடிவு செய்தோம்.

வளர்பிறை ஞாயிறு என்றால் கல்யாண முகூர்த்தமாகவும் இருக்கும், பெரிய மண்டபம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறும். நூறு பேருக்குக் கல்யாண மண்டபம் தேவையும் இல்லை. சாப்பாட்டுக்கூடம் உள்ள சிறிய ஹால் போதும். காலையில் மட்டும் கொடுப்பார்களா என்று கேளுங்கள்.

குடும்பத்தில் யாராவது தவறி ஒரு வருடம் ஆகாமல் இருந்தால் தலைத் திவசம் முடியும்வரை காத்திருப்பதே நம் வழக்கம். பொன்விழாவுக்கு அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. நிறைந்த நாளிலிருந்து அடுத்த கல்யாண நாள் வரைக்கும் எப்போது வைத்தாலும் அது பொன்விழாதான்.

இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்

திடீரென்று கண்ணைக் கட்டிக் கூட்டிப் போய் ஆச்சரியப்படுத்தும் விழாவை எழுபது வயதுக்காரர்களுக்கு வைக்காதீர்கள். மாத்திரை நேரம் தவறும். அம்மா நல்ல புடவையில் இருக்க மாட்டார், ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் படத்தில் வீட்டுப் புடவையோடு நிற்க அவருக்கு மனம் வராது. யாரைக் கூப்பிடவில்லை என்ற வருத்தமும் நமக்குத் தெரியாமலே உள்ளே தங்கிவிடும்.

இருவரையும் சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால், "எதுக்குடா செலவு, ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. தனித்தனியாக, வேறு வேலையின் நடுவில் கேளுங்கள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அக்கா கேட்டாள். "என் கல்யாணத்துக்கு வந்தவங்கள்ல இருக்கிறவங்களப் பார்க்கணும்" என்றார் அம்மா. அப்பாவிடம் நடைப்பயிற்சியின்போது கேட்டேன். "மேடை போட்டு நிக்க வைக்காதீங்க" என்றார். இந்த இரண்டு வாக்கியங்களை வைத்தே முழு விழாவையும் அமைத்தோம்.

வெள்ளி விழாவில் இப்படிக் கேட்க வேண்டிய தேவை குறைவு. அப்போது தம்பதிக்கு ஐம்பதுக்கு முன்பின் வயது, அவர்களே முன்நின்று நடத்துவார்கள், அவர்களின் பெற்றோரும் பெரும்பாலும் இருப்பார்கள். கவனிக்க வேண்டியது பிள்ளைகளின் படிப்பை. 1999-ல் எங்கள் வீட்டு வெள்ளி விழா நடந்தபோது தங்கை பன்னிரண்டாம் வகுப்பு. பாயசம் வைத்து, அப்பா அம்மாவுக்கு ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் வாங்கிக் கொடுத்ததோடு முடித்துக்கொண்டோம். யாருக்கும் குறையாகத் தோன்றவில்லை.

கல்யாணத்துக்கு வந்தவர்களைத் தேடுவது

என்னைக் கேட்டால் பொன்விழாவில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

ஆல்பத்தில் தொடங்குங்கள். 1974 ஆல்பம் கறுப்பு அட்டைப் பக்கங்கள், நான்கு மூலையிலும் சிறு முக்கோணத்தில் செருகிய கறுப்பு வெள்ளைப் படங்கள், நடுவில் சிலந்தி வலை அச்சிட்ட மெல்லிய தாள். மூலையில் செருகிய படங்களை மெதுவாக உருவி எடுக்கலாம். பசை போட்டு ஒட்டியிருந்தால் பிய்க்கவே வேண்டாம், பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் இன்னும் கவனம் தேவை. இழுத்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும், கண்ணாடியோடு வைத்தே படம் எடுங்கள்.

ஸ்கேன் செய்யும் கடையில் 600 டிபிஐ கேளுங்கள். உள்ளங்கை அளவுப் படத்தைப் பின்னால் பெரிதாக்கி அச்சிட அது போதும். கைப்பேசியில் எடுப்பதானால் ஜன்னலோரம் படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷை அணைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாகுமெண்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள், அவர்கள் வீட்டில் இருக்கும் படங்களையும் அப்படியே கேட்டு வாங்குங்கள். பிள்ளை வீட்டார் எடுத்த படம் பெண் வீட்டாரிடமும், அவர்கள் எடுத்தது இவர்களிடமும் இல்லாமல் இருப்பது சகஜம். எங்களுக்குத் தாய்மாமா வீட்டிலிருந்து பதினோரு படங்கள் வந்தன, அம்மா ஐம்பது வருடமாகப் பார்த்திராதவை.

அப்புறம் அந்தப் படங்களோடு அப்பா அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு படத்தைக் காட்டி, "இது யாரு?" என்று மட்டும் கேளுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அம்மா ஒரு படத்தில் காசியாத்திரைக் குடையைப் பிடித்திருந்த பையனைப் பார்த்து, "அந்தக் குடை கம்பி உடைஞ்சது, இவன்தான் உள்ள கைய விட்டுப் பிடிச்சிக்கிட்டே வந்தான்" என்றார். அப்பாவுக்கு அது தெரியவே தெரியாது. தன் தலைக்கு மேல் விரிந்த குடை உடைந்த குடை என்று ஐம்பது வருடம் கழித்து அன்றுதான் கேட்டார். ஒரு மாலையில் பத்துப் படத்துக்கு மேல் வேண்டாம், களைத்துவிடுவார்கள்.

பெயர்களைப் படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும்.

எங்களுக்கு அறுபத்துமூன்று முகங்களுக்குப் பெயர் கிடைத்தது. அவர்களில் இருப்பவர்கள் இருபத்தொரு பேர். இந்த எண் எல்லா வீட்டிலும் மனதைக் கொஞ்சம் பிசையும், அதற்குத் தயாராக இருங்கள். அந்த இருபத்தொரு பேரையும் நேரில் அல்லது தொலைபேசியில் அப்பாவே அழைத்தார். பொதுவான அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் போடுங்கள், தவறில்லை. ஆனால் கல்யாணத்துக்கு வந்தவர்களைத் தம்பதியே கூப்பிட வேண்டும். வர முடியாதவர்கள் நான்கு பேர். அவர்களிடம் இரண்டு நிமிடம் பேசச் சொல்லிப் பதிவு செய்து வாங்கினோம்.

பரிசு: பொன் என்றால் பொன்தானா?

வந்தவர்கள் பொன் தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம்மிடம் இல்லை. பிள்ளைகள் சேர்ந்து ஒன்று வாங்குவார்கள், அவ்வளவுதான். வெள்ளி விழாவுக்குக் குத்துவிளக்கு, சிமிழ், டம்ளர் என்று வெள்ளிச் சாமான். பொன்விழாவுக்கு நாணயமோ மோதிரமோ சங்கிலியோ.

வாங்கும் முன் அம்மாவின் தாலிக்கொடியைப் பாருங்கள். ஐம்பது வருடம் கழுத்திலேயே இருந்த கொடியில் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, சில இடத்தில் நூல் போல ஆகியிருக்கும். அறுந்து விழும்வரை யாரும் கவனிப்பதில்லை. எங்கள் அம்மாவின் கொடியில் கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணி பாதியாகிவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் பரிசு எது என்று கேள்வியே இல்லாமல் போனது.

இங்கே அவசரப்படக் கூடாத ஒன்று உண்டு. பழையதைப் போட்டுப் புதியது எடுத்தால் கணக்கு லாபமாகத் தெரியும். ஆனால் தாலியையும் கொடியையும் உருக்க அம்மாவுக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள். எங்கள் அம்மா கொடியை மாற்றச் சம்மதித்தார், தாலியையும் உருக்களையும் தொடவிடவில்லை. அவற்றைப் புதுக் கொடியில் கோத்துக்கொண்டார்.

பழைய நகையை மாற்றுவதென்றால் இன்னொரு விவரம் வேண்டும். இந்தியாவில் தங்கத்துக்கு ஹால்மார்க் முத்திரை 2000-ல்தான் வந்தது. 1974 நகையில் முத்திரை இருக்காது. ஆசாரி சொன்ன தரம்தான் அன்றைய தரம். பற்றாசு அதிகம் வைத்திருந்தால் டச் குறையும். முதலில் நகையைச் சேதப்படுத்தாமல் எக்ஸ்ரே கருவியில் டச் பார்த்துச் சீட்டு வாங்குங்கள், முடிந்தால் இரண்டு இடத்தில். கருவி மேற்பரப்பைத்தான் பார்க்கும், அதனால் கொடியின் நடுவிலும் கொக்கியருகிலும் தனித்தனியாக வைக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டு இடத்திலும் வேறு வேறு எண் வந்தது. கொக்கியருகே ஒருமுறை பற்றவைத்திருந்ததே காரணம்.

புது நகையில் மூன்று அடையாளம் பாருங்கள்: பிஐஎஸ் முக்கோண முத்திரை, 22 காரட்டுக்கு 916 என்ற எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க HUID. அந்த HUID-ஐ BIS Care செயலியில் தட்டினால் அந்தப் பொருளின் வகையும் தரமும் வரும். கொடி என்று வாங்கியதற்கு மோதிரம் என்று வந்தால் கேள்வி கேளுங்கள். பில்லில் எடை, கூலி, சேதாரம் தனித்தனியாக இருக்க வேண்டும், மொத்தத்தின் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி வரும்.

விழா நாள்

நேரத்தை மதியச் சாப்பாட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பன்னிரண்டரைக்கு அவர் இலையில் உட்கார வேண்டும். அப்படியென்றால் பத்தரைக்குத் தொடங்கி பன்னிரண்டேகாலுக்கு எல்லாம் முடிய வேண்டும். இரண்டு மணி நேரம்கூட இல்லை என்று அக்கா தயங்கினாள். அதுவே தாராளமாக இருந்தது.

மேடை போடவில்லை. கூடத்தின் ஒரு பக்கத்தில் கைப்பிடி உள்ள, உயரமான இரண்டு நாற்காலிகள். தாழ்ந்த சோபா பார்க்க அழகு, ஆனால் முழங்கால் வலி உள்ளவர் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து எழ இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருக்கும். கல்யாண வரவேற்பு மாதிரி தம்பதியை நிற்க வைத்து வரிசையாகப் படம் எடுப்பதை அறவே தவிர்த்தோம். நூற்றிருபது பேர், ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அவர்கள் உட்கார்ந்திருக்க, வருபவர்கள் பக்கத்தில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். படங்களும் அப்படித்தான் நன்றாக வந்தன.

நடந்தது இவ்வளவுதான். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். பேரப்பிள்ளைகள் மாலை கொண்டுவந்து கொடுக்க, இருவரும் மாலை மாற்றிக்கொண்டார்கள். கல்யாண ரோஜா மாலை வேண்டாம், கனம் கழுத்தை அழுத்தும். மெல்லிய சம்பங்கி மாலை கட்டச் சொல்லியிருந்தோம். பிறகு அம்மா புதுக் கொடியை அணிந்துகொண்டார். அப்பாவைத் தாலி கட்டச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். அறுபதில் கட்டியாயிற்று என்று சொல்லிவிட்டோம். அறுபதாம் கல்யாணம் செய்யாத வீடுகளில் பொன்விழாவில் தாலி கட்டுவதும் உண்டு, தம்பதி விரும்பினால் தடையில்லை.

ஆசி வாங்குவதில் ஒரு வரிசை உண்டு. தம்பதியைவிட மூத்தவர்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் இவர்கள் ஆசி வாங்க வேண்டும். எங்களுக்கு அப்பாவின் அத்தை, தொண்ணூறு வயது. அவரை நடக்க வைக்காமல் அவர் நாற்காலியையே பக்கத்தில் கொண்டுவந்தோம். அட்சதை போட்டார். அதற்குப் பிறகுதான் நாங்கள் விழுந்து வணங்கினோம்.

ஆரத்திக்கு அம்மா தன் அக்காவைக் கூப்பிட்டார். பெரியம்மா கணவரை இழந்தவர். அவர் பின்னுக்கு நகர, ஒருவர், "வேற யாராவது..." என்று ஆரம்பிக்க, அம்மா, "எனக்குக் கூரைப்புடவை கட்டிவிட்டவ அவதான், அவதான் எடுக்கணும்" என்றார். கல்யாணத்துக்கு வந்தவர்களைக் கூப்பிட்டு வைக்கும் விழாவில் பாதிப் பெண்கள் கணவரை இழந்தவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களை ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு என்ன ஐம்பது வருடத்தைக் கொண்டாடுவது? இதை முன்னாலேயே வீட்டுக்குள் பேசி முடிவெடுங்கள். அந்த நிமிடத்தில் முடிவெடுக்க விட்டால் யாராவது புண்படுவார்கள்.

பேச்சுக்கு மொத்தம் இருபது நிமிடம். பிள்ளைகள் மூவரும் பேசாமல் ஒருவர் மட்டும் பேசினோம். மீதி நேரம் படங்களைத் திரையில் போட்டு, படத்தில் இருப்பவர் கூடத்தில் இருந்தால் அவரிடமே மைக்கைக் கொடுத்தோம். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, "இதோ, இது நான்" என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். திரையில் போடும்போது இறந்தவர்களின் படங்கள் வரும் இடத்தில் பாட்டு வேண்டாம். பெயரைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினால் போதும்.

சாப்பாட்டில் ஒரு பொருளை மட்டும் கல்யாண விருந்திலிருந்து திரும்பக் கொண்டுவாருங்கள். அன்றைக்கு என்ன இனிப்பு என்று அம்மாவைக் கேட்டால் பளிச்சென்று பாதுஷா என்றார். அதையே போட்டோம். மற்றபடி காரம் குறைத்து, கூட்டும் ரசமும் நன்றாக இருந்தால் பெரியவர்கள் திருப்தியாகச் சாப்பிடுவார்கள். எங்களுக்குத் தவறியது பந்திதான். இலைக்குக் கீழ்ப்பலகை தாழ்வாக இருந்ததால் எட்டு பத்துப் பேருக்குக் குனிந்து சாப்பிட முடியவில்லை. முதல்நாளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் கைவைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் செய்ய வேண்டியவை

இரவல் வாங்கிய படங்களை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள், கூடவே ஸ்கேன் செய்த பிரதியை ஒரு பென்டிரைவில். பதிவு செய்த குரல்களுக்குத் தேதியும் பெயரும் போட்டு, இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒன்று வீட்டு ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம். நகை பில்லையும் டச் பார்த்த சீட்டையும் பத்திரிகை இருந்த இடத்திலேயே வையுங்கள்.

விழாவில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மட்டும் சேர்ந்து ஒரு படம் எடுக்கச் சொல்லியிருந்தோம். பதினேழு பேர். அதை உள்ளங்கை அளவில், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, பழைய ஆல்பத்தின் கடைசியில் ஐம்பது வருடமாகக் காலியாக இருந்த பக்கத்தில் மூலை முக்கோணங்கள் வைத்துச் செருகினோம். ஓரத்தில் நிற்கிறார் குடை பிடித்த பையன், இப்போது அறுபத்தொரு வயது. அவர் பெயரைப் பென்சிலால் எழுதும்போது எழுத்து சரிதானா என்று அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.